பேச்சிலர் அறைகளில் அயர்ன் துணி எடுத்த கணக்கும், காணாமல் போன ஒரு லைட் ப்ளூ சட்டையும்

பெருங்குடியில் இருந்து துரைப்பாக்கம் வரை ஓ.எம்.ஆர். ஓரமாக உள்ள பி.ஜி.களிலும் பேச்சிலர் வீடுகளிலும் துணி எடுத்து, தேய்த்துக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையைச் செய்து வந்தேன். இப்போது அதை இன்னொருவர் நடத்துகிறார். இதே வேலையை வேறு ஏரியாவில் தொடங்க நினைக்கும் சிலர் அடிக்கடி கேட்பது இரண்டு கேள்விகள்தான். ஒரு பீஸுக்கு எவ்வளவு வாங்கலாம்? துணி தொலைந்துபோனால் என்ன செய்வது? இரண்டையும் தனித்தனியாகக் கேட்கிறார்கள். என் அனுபவத்தில் இரண்டும் ஒரே கணக்குதான்.

முதலில் ரேட். எங்கள் தெருமுனையில் ஓர் இஸ்திரி வண்டி உண்டு. அங்கே சட்டை, பேன்ட் எதுவானாலும் 10 ரூபாய். நாங்கள் வாங்கியது 12. "வண்டிக்கார அண்ணன் பத்துக்குத் தேய்க்கிறாரு, நீங்க மட்டும் என்ன ப்ரோ ரெண்டு ரூபா எக்ஸ்ட்ரா?" என்று கேட்காத ஆளே கிடையாது. கேட்பதில் தப்பில்லை. ஆனால் வண்டிக்கார அண்ணன் யார் வீட்டு மாடியும் ஏறுவதில்லை. துணி அவரைத் தேடி வருகிறது. நாங்கள் துணியைத் தேடிப் போகிறோம், அதுவும் எடுக்க ஒரு முறை, கொடுக்க ஒரு முறை.

அந்த 12 ரூபாய் எங்கே போனது என்று சொல்லிவிடுகிறேன். தேய்த்தவர்கள் ஒரு கணவன் மனைவி, நாங்கள் அண்ணன், அக்கா என்றே கூப்பிடுவோம். அவர்கள் வீட்டு முன்னறையில் அவர்கள் கரண்டில் தேய்த்துக் கொடுக்க பீஸுக்கு 7 ரூபாய். மீதி 5. பைக்கில் போய் எடுத்துவரும் தம்பிக்கு மாதம் 14,000 சம்பளம், 26 நாள் வேலை. நாளுக்கு 540 ரூபாய் ஆகிறது. பெட்ரோல் 120. மொத்தம் 660. அந்த ஐந்து ரூபாயை வைத்து இந்த 660-ஐ எடுக்கவே தினம் 132 துணி வேண்டும். அதற்கு மேல் வருவதில்தான் நமக்கு ஏதாவது உண்டு. எங்களுக்குச் சுமாராக 165 வந்தது. அப்படிப் பார்த்தால் தம்பி, பெட்ரோல் செலவு பீஸுக்கு 4 ரூபாய், கையில் நிற்பது 1 ரூபாய். ஆமாம், ஒரே ஒரு ரூபாய். இந்த ஒரு ரூபாயை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இதில் ஒரு விஷயம் புரியும். லாபம் துணியின் எண்ணிக்கையைவிட, ஒரு தடவை வண்டியை நிறுத்தினால் எத்தனை துணி ஏறுகிறது என்பதில்தான் இருக்கிறது. தனி வீட்டில் மூன்றாவது மாடி ஏறி நாலு சட்டை வாங்கி வந்தால் அது நஷ்டம். அதே நேரத்தில் ஒரு பி.ஜி.யில் எட்டு ரூம் தட்டினால் எழுபது துணி வரும். அதனால் புதிய கஸ்டமரைத் தேடி ஏரியாவை விரிக்கவில்லை. ஏற்கெனவே போகும் கட்டடத்திலேயே பக்கத்து ரூமைப் பிடித்தோம். ஒரு கட்டடத்தில் மூன்று ரூமாவது சேராவிட்டால் அங்கே போவதை நிறுத்திவிட்டோம். இதில் கொஞ்சம் கல்மனசு வேண்டும்.

எல்லாவற்றுக்கும் 12 ரூபாய் என்று நினைக்கவேண்டாம். காட்டன் சட்டையில் தண்ணீர் தெளித்து அழுத்தித் தேய்க்க வேண்டும், லினன் அதைவிட மோசம். இருந்தாலும் சட்டைக்குச் சட்டை ரேட் மாற்றினால் வாசலில் நின்று விவாதம்தான் நடக்கும். தம்பி நேரம் போய்விடும். சட்டை, பேன்ட், டீ-ஷர்ட், ஷார்ட்ஸ் எல்லாம் 12. குர்தா 15. கஞ்சி போட்ட வேட்டி 35, ஏனென்றால் அதற்குத் துவைப்பும் சேர்ந்து வரும். பிளேசர் எங்களிடம் கிடையாது, டிரை கிளீனிங் கடைக்கு அனுப்பிவிடுவோம். லிஸ்ட் அவ்வளவுதான். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் நாலு வரியில் அடங்கும் ரேட் லிஸ்ட்தான் சண்டையில்லாத ரேட் லிஸ்ட்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் தனி. பேச்சிலர் வாரம் முழுக்கத் துணியை நாற்காலியில் குவித்துவிட்டு ஞாயிறு சாயங்காலம் கூப்பிடுவான், திங்கள் காலை எட்டு மணிக்கு வேண்டும் என்பான். எல்லோரும் இதையே கேட்டால் அண்ணனும் அக்காவும் விடிய விடியத் தேய்க்க வேண்டும். செவ்வாய், புதனில் இஸ்திரிப் பெட்டி சும்மா இருக்கும். ஞாயிறு எடுத்துத் திங்கள் காலை கொடுப்பதற்கு 15 ரூபாய் என்று வைத்தோம். மூன்று ரூபாய்க்கு யாரும் ஏழையாகிவிட மாட்டார்கள், ஆனால் பாதிப் பேர் வியாழக்கிழமைக்கு மாறிவிட்டார்கள். இன்னொரு காரணத்துக்காகவும் இது எனக்கு முக்கியமாகப் பட்டது. துணி மாறிப்போவது பெரும்பாலும் அந்த ஞாயிறு இரவில்தான்.

துணி தொலைவதைப் பற்றி வெளியில் இருக்கும் நினைப்பு, யாரோ திருடுகிறார்கள் என்பது. அடுத்தவன் போட்ட சட்டையை யார் திருடப்போகிறார்கள்? நான் பார்த்த வரையில் துணி மூன்று இடத்தில்தான் வழி தவறும். முதல் இடம் வாசல். கொடுப்பவர் "பத்து பீஸ் இருக்கு" என்று சொல்லிக் கொடுக்க, எண்ணாமல் வாங்கி வருவது. இரண்டாவது, தேய்க்கும் மேசை. ஒரு மூட்டை முடியும் முன் இன்னொன்றைப் பிரித்துவிட்டால், இரண்டு நேவி ப்ளூ பேன்ட்டில் எது யாருடையது என்று கடவுளுக்குத்தான் தெரியும். மூன்றாவது இடம் நம் கண்ணுக்குத் தெரியாது, கஸ்டமரின் ரூம். நாலு பேர் தங்கும் ரூமில் டெலிவரி மூட்டையைக் கட்டிலில் வைத்தால், ரூம்மேட் அவசரத்தில் மேலே இருப்பதை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விடுவான்.

தேய்க்க மட்டும் வரும் துணிக்கு டேக் போடுவது வீண் வேலை. பின் குத்தினால் மெல்லிய சட்டையில் ஓட்டை தெரியும், தேய்க்கும்போது பெட்டியில் இடறும். அதற்கு ஒரே கட்டுப்பாடுதான்: மேசையில் ஒரு நேரத்தில் ஒரு மூட்டை. முடித்து, மடித்து, எண்ணி, பில் சொருகி, கயிறு கட்டிய பிறகுதான் அடுத்தது பிரியும். அண்ணன் முதலில் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவர் வழக்கம் வேறு. காட்டன் எல்லாவற்றையும் ஒன்றாகப் பிரித்து நல்ல சூட்டில் தேய்ப்பார், பிறகு சூட்டைக் குறைத்துப் பாலியஸ்டர். தொழில்படி பார்த்தால் அவர் சொல்வதுதான் சரி, பெட்டி ஆறுவதற்குக் காத்திருக்க வேண்டாம். அக்காதான் வழி சொன்னார். மேசையில் இரண்டு பெட்டி வைத்துக்கொள்வது, ஒன்று அதிகச் சூட்டில், ஒன்று குறைந்த சூட்டில். மூட்டையும் கலக்காது, சூடும் மாற்ற வேண்டாம். இன்னொரு பெட்டி வாங்கிக் கொடுத்த செலவு சீக்கிரமே திரும்பிவிட்டது.

துவைக்க வரும் துணி வேறு கதை. அது மெஷின் வைத்திருக்கும் யூனிட்டுக்குப் போகும், கிலோ கணக்கு. அங்கே பத்துப் பேர் துணி ஒரே நேரத்தில் ஈரமாகக் கிடக்கும், ஈரத்தில் கலர்கூடச் சரியாகத் தெரியாது. பழைய சலவைக்காரர்கள் சேராங்கொட்டைச் சாற்றில் குறி போடுவார்கள். எத்தனை முறை வெளுத்தாலும் போகாது, கையில் பட்டால்தான் புண்ணாகும். இன்றைக்கு இரண்டாயிரம் ரூபாய்ச் சட்டையின் காலரில் கறுப்புக் குறி போட்டால் சட்டையை நம் முகத்தில் எறிவார்கள். அதனால் சின்னத் துணிப் பட்டையில் அழியாத மார்க்கரில் ரூம் நம்பர் எழுதி, நூலால் கட்டினோம். சட்டையில் கடைசிப் பட்டன் ஓட்டையில், அது பேன்ட்டுக்குள் மறைந்துபோகும் இடம். பேன்ட்டில் பெல்ட் லூப்பில். டீ-ஷர்ட்டில் பக்கவாட்டுத் தையலில் இருக்கும் துவைப்பு லேபிளைச் சுற்றி. ஜட்டி, பனியன், சாக்ஸ் மூன்றும் கஸ்டமருக்கு ஒன்றாக வலைப் பையில், வாயை இறுக்கிக் கட்டி, அப்படியே மெஷினில். வலைப் பை வருவதற்கு முன்னால் ஒற்றைச் சாக்ஸ் கேட்டு வரும் மெசேஜுக்குப் பதில் சொல்லவே தனி ஆள் தேவைப்பட்டது. ஃப்ரன்ட் லோட் மெஷினில் கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் மடிப்பில் விரலை விட்டுத் துழாவினால் பாதி சாக்ஸ் அங்கேதான் இருக்கும்.

அந்த லைட் ப்ளூ சட்டைக்கு வருகிறேன். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, மூன்றாவது மாடியில் இருக்கும் ஐ.டி. தம்பியிடம் இருந்து மெசேஜ். "அண்ணா, என் லைட் ப்ளூ ஷர்ட் வரல. திங்கக்கிழமை க்ளையன்ட் மீட்டிங். ஆயிரத்தெண்ணூறு ரூபா ஷர்ட்ணா அது." பில்லில் 9 பீஸ், 5 சட்டை, 4 பேன்ட். எத்தனை வந்தது என்று கேட்டேன். ஒன்பதுதான் வந்தது என்றான். அப்படியானால் லைட் ப்ளூவுக்குப் பதிலாக என்ன இருக்கிறது? அதுவும் லைட் ப்ளூதான், ஆனால் சைஸ் 40, இவன் போடுவது 42.

இந்த ஒரு பதிலில் பாதி வேலை முடிந்துவிடும். எண்ணிக்கை சரியாக இருந்து பொருள் மாறியிருந்தால், துணி தொலையவில்லை, இடம் மாறியிருக்கிறது. இவனிடம் இருக்கும் 40 சைஸ் சட்டைக்கு ஒரு சொந்தக்காரன் இருக்கிறான், இவனுடைய 42 அவனிடம் இருக்கிறது. எண்ணிக்கை ஒன்று குறைந்திருந்தால் வேறு மாதிரி தேட வேண்டும். அப்போது இன்னொரு மூட்டையில் ஒன்று கூடியிருக்கிறதா, அல்லது வாங்கும்போதே குறைவாக வாங்கினோமா என்று பார்க்க வேண்டும்.

அண்ணன் வீட்டில் ஒரு நோட்டு உண்டு. தேய்த்து முடித்த வரிசைப்படி ரூம் நம்பர், பீஸ் எண்ணிக்கை, அவ்வளவுதான் அதில் இருக்கும். மாறிப்போவது பெரும்பாலும் வரிசையில் முன்னும் பின்னும் இருக்கும் மூட்டையோடுதான். முன்னால் இருந்த மூட்டையில் சட்டையே இல்லை. பின்னால் இருந்தது எதிர்க் கட்டடத்துப் பையனுடையது. துணி வாங்கும்போது காலர் தெரிய விசிறி மாதிரி விரித்துத் தம்பி எடுத்த போட்டோவைப் பார்த்தேன். மேலிருந்து மூன்றாவது லைட் ப்ளூ.

அந்தப் பையனுக்கு போன் போட்டால், மதுரையில் இருக்கிறான். வியாழன் ராத்திரியே ஊருக்கு பஸ் ஏறிவிட்டான். சட்டை அவன் உடம்பில் இருக்கிறது. "ஆமாண்ணா, கொஞ்சம் லூசாத்தான் இருந்துச்சு. இளைச்சுட்டேன்னு அம்மாகூட வருத்தப்பட்டாங்க" என்றான்.

சிரிப்பு வந்தாலும் அந்த நேரத்தில் செய்ய வேண்டியது மூன்று. மாறிவந்த 40 சைஸ் சட்டையை அன்று ராத்திரியே திரும்ப வாங்கிவந்துவிட்டோம். அது அங்கேயே கிடந்தால் அதுவும் போய்விடும், பிறகு இரண்டு பேருக்குப் பதில் சொல்ல வேண்டும். ஐ.டி. தம்பியிடம் சட்டை இருக்கும் இடத்தையும் அது வரும் நாளையும் சொன்னோம். "பாக்குறோம் தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு விட்டால்தான் ஆளுக்குக் கோபம் ஏறும். மூன்றாவது, திங்கள் காலை மதுரைப் பையன் வந்து இறங்கியதும் சட்டையை வாங்கித் துவைத்துத் தேய்த்துக் கொடுத்தோம், காசு வாங்கவில்லை. மீட்டிங்குக்கு அவன் வெள்ளைச் சட்டையில் போனான்.

எண்ணிக்கை குறையும் கேஸில் போன் போட்டு "உங்ககிட்ட யாரோட டீ-ஷர்ட்டாவது வந்துச்சா?" என்று கேட்டுப் பயன் இல்லை. யாரும் பார்க்காமலே இல்லை என்பார்கள். சிலருக்கு நாம் சந்தேகப்படுவதாகத் தோன்றும். அன்றைக்கு டெலிவரி போன எல்லோருக்கும் ஒரே மெசேஜ் அனுப்புவோம்: "எங்க பக்கம் தவறுல ஒரு கறுப்பு டீ-ஷர்ட், எல் சைஸ், உங்க மூட்டையோட வந்திருக்கலாம். பார்த்துச் சொன்னா அடுத்த பில்லுல 5 பீஸ் ஃப்ரீ." அறுபது ரூபாய்க்காக மூட்டையைக் கிளறிப் பார்ப்பார்கள். கட்டிலுக்கு அடியில் இருந்துகூட எடுத்துக் கொடுத்தவர்கள் உண்டு. இன்னொன்று, தலையணை உறையும் பெட்ஷீட்டும் சேர்ந்து வந்த மூட்டையாக இருந்தால் முதலில் அவற்றை உதறிப் பார்க்கச் சொல்லுங்கள். கர்ச்சீப்பும் பனியனும் உறைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும்.

எவ்வளவு தேடியும் கிடைக்காத துணியும் உண்டு. அங்கேதான் அந்த ஒரு ரூபாய்க் கணக்கு வருகிறது. நாங்கள் வைத்திருந்த விதி இது: வாங்கி ஆறு மாதத்துக்குள் என்றால் விலையில் முக்கால் பங்கு, ஒரு வருடத்துக்குள் பாதி, அதற்கு மேல் கால் பங்கு. 1,800 ரூபாய்ச் சட்டை வாங்கி நாலு மாதத்தில் தொலைந்தால் 1,350 ரூபாய். பீஸுக்கு ஒரு ரூபாய் நிற்கும் தொழிலில் அது 1,350 துணியின் லாபம். நாளுக்கு 165 என்றால் ஒரு வாரத்துக்கும் மேலே உழைத்தது ஒரு சட்டையில் போய்விடும். வாசலில் நின்று எண்ணுவதற்கு ஆகும் இரண்டு நிமிடம் வீண் என்று தம்பி முணுமுணுத்தபோது இந்தக் கணக்கைத்தான் பேப்பரில் போட்டுக் காட்டினேன்.

நிறைய லாண்டரி பில்களின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும், தொலைந்தால் சலவைக் கூலியில் இத்தனை மடங்குதான் தருவோம் என்று. அதை நம்பி இறங்க வேண்டாம். 1960-களில் மெட்ராஸ் உயர் நீதிமன்றத்துக்கு இப்படி ஒரு வழக்கு வந்தது. சலவைக்குக் கொடுத்த புதுச் சேலை தொலைந்துபோனது. தொலைந்தால் சந்தை விலையில் 15 சதவீதம் மட்டும் என்று ரசீதின் பின்னால் அச்சடித்திருந்தார்கள். அந்த நிபந்தனை பொதுநலக் கொள்கைக்கு எதிரானது, செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. வக்கீலுக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு கஸ்டமர்தான் இதை என்னிடம் சொன்னார், தன் டிராக் பேன்ட் காணாமல் போன அன்று. 1872-ம் வருடத்து ஒப்பந்தச் சட்டத்தின் 151-வது பிரிவையும் கூடவே சொன்னார். நம்மிடம் ஒப்படைத்த பொருளை, சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைப் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். டிராக் பேன்ட் அவர் ரூம்மேட் காலில் இருந்தது தனிக் கதை.

காசை உடனே கொடுத்துவிடவும் கூடாது. டெலிவரி ஆன 48 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும், அதன்பிறகு ஏழு நாள் நாங்கள் தேடுவோம், கிடைக்காவிட்டால் எட்டாவது நாள் ஜிபேயில் பணம். இந்த ஏழு நாளில்தான் பெரும்பாலான துணி தானாகவே வந்து சேரும், ஊருக்குப் போனவன் திரும்பி வருவதற்கு அவ்வளவு நாள் ஆகும். தீபாவளி, பொங்கல் நேரத்தில் மட்டும் பதினைந்து நாள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவோம். வாங்கிய பில் கேட்டால் யாரிடமும் இருக்காது. ஆன்லைனில் வாங்கியதென்றால் ஆர்டர் ஹிஸ்டரியில் விலையும் தேதியும் இருக்கும், அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பினால் போதும். பணத்துக்குப் பதிலாக "அடுத்த இரண்டு மாசம் ஃப்ரீ" என்று பேசிப் பார்க்காதீர்கள். சட்டையைத் தொலைத்தவனிடமே இன்னும் இரண்டு மாதம் துணி கொடுக்கச் சொல்வதை யாரும் சலுகையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

வாட்ச்மேனிடம் பையைக் கொடுத்துவிட்டுப் போகும் வழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நைட் ஷிப்ட் பார்ப்பவர்கள் பகலில் கதவைத் திறக்க மாட்டார்கள், தட்டினால் திட்டுவார்கள். பை கீழே இருந்தால் நமக்கும் மாடி ஏறுவது மிச்சம். ஆனால் எண்ணிக்கைக்குச் சாட்சி இல்லாமல் போகிறது. இதற்கு நாங்கள் கண்ட வழி: பையில் போடும்முன் கஸ்டமர் ஒரு போட்டோவும் எண்ணிக்கையும் அனுப்ப வேண்டும். ராத்திரி பையைப் பிரித்ததும் நாங்கள் எங்கள் எண்ணிக்கையை அனுப்புவோம். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் தேய்க்கவே மாட்டோம், அவர் பதில் சொல்லும்வரை மூட்டை அப்படியே இருக்கும். அவர் எண்ணிக்கையே அனுப்பவில்லை என்றால் நாங்கள் எண்ணியதுதான் கணக்கு. முதல் பில்லிலேயே இதை எழுதிக் கொடுத்துவிட்டால் பிறகு பேச்சே வராது.

பாக்கெட்டில் இருந்து வருவதற்கும் தனி இடம் வேண்டும். ஆபீஸ் ஐ.டி. கார்டு, இயர்பட்ஸ், இருநூறு ரூபாய் நோட்டு, ஒரு முறை நிச்சயதார்த்த மோதிரம். எடுத்தவுடன் போட்டோ பிடித்து உரியவருக்கு அனுப்பிவிட்டு, சின்னக் கவரில் ரூம் நம்பரோடு போட்டு பில்லோடு ஸ்டேபிள் செய்து அனுப்புவோம். அந்த மோதிரக்காரர் வழியாகவே அந்தக் கட்டடத்தில் மேலும் ஐந்து ரூம் வந்தது.

ரூம் காலி செய்துவிட்டுப் போகிறவர்கள்தான் இன்னும் தீராத தலைவலி. மாசக் கடைசியில் கம்பெனி மாறி பெங்களூரு போய்விடுவான், துணி நம்மிடம், பாக்கி அவனிடம். மாதம் 25-ம் தேதிக்கு மேல் துணி கொடுப்பவரிடம் "ரூம் மாறுறீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்கும்படி தம்பியிடம் சொல்லி வைத்தேன். மாறுகிறேன் என்றால் பணம் முன்னாடியே, ஊர் அட்ரஸும் சேர்த்து. அப்படியும் தங்கிப்போன துணி ஒரு அட்டைப்பெட்டி நிறைய இருக்கிறது. மூன்று மாதம் வரை மெசேஜ் போட்டுப் பார்த்துவிட்டு, எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கடைசியாக ஒரு தேதி எழுதி அனுப்புவோம். அந்த மெசேஜ் போன மறுநாளே தேடி வருகிறவர்களும் உண்டு, பெரும்பாலும் ஜீன்ஸுக்காக.

இப்போது நடத்துபவர் 13 ரூபாய் ஆக்கியிருக்கிறார். அண்ணன், அக்காவுக்கு அதில் 8.